எக்ஸ்ரேயா, சிடியா, எம்.ஆர்.ஐயா? வேகப்பந்து வீசும் பையனின் முதுகுவலி

"மாமா, எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்ல வீசலாம்ல?" என்று கேட்டான் அக்கா மகன். 15 வயது, வலது கை வேகப்பந்து. காரைக்குடியில் சிமெண்ட் பிட்சில் பாய் விரித்து வீசுகிறவன். வலி இடது இடுப்புக்கு மேலே, ஒரே இடத்தில். இடது காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னேன், முகம் சுருங்கியது. பிசியோவாக இருக்கும் எனக்கு அதுவே போதும், வேண்டாம் என்றேன்.

வலது கைக்காரர் இடது காலை ஊன்றும்போது உடல் பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுகவும் செய்கிறது. அந்த அழுத்தமெல்லாம் முள்ளெலும்பின் பின்பக்கத்தில் உள்ள ஒல்லியான பாலத்தில் விழும். 'பார்ஸ்' என்பார்கள். அங்கே வரும் அழுத்த முறிவு பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும்.

எக்ஸ்ரே மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் ஆரம்பநிலை முறிவு அதில் தெரியாது. அதனால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வைத்து வீச விடுவதுதான் பெரிய தவறு.

சிடி விரிசல் கோட்டைத் துல்லியமாகக் காட்டும். கோடு விழுவதற்கு முன் எலும்புக்குள் வரும் வீக்கத்தைக் காட்டாது. வளரும் பையனுக்குக் கதிர்வீச்சு வேறு.

எனக்கு எம்.ஆர்.ஐதான் முதல் தேர்வு. கதிர்வீச்சு இல்லை, வீக்கக் கட்டத்திலேயே பிடித்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் எலும்பு முழுதாகக் கூடிவிட நல்ல வாய்ப்புண்டு. ஒரு சிக்கல்: 'முதுகுவலி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் டிஸ்க்கைப் பார்த்து அனுப்பிவிடலாம். அதனால் 'வேகப்பந்து வீச்சாளர், இடது பார்ஸ் முறிவு சந்தேகம், கொழுப்பை அடக்கும் எஸ்டிஐஆர் படம் பார்ஸ் வரை வேண்டும்' என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கினோம். மதுரையில் எடுத்த படத்தில் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கம் வெள்ளையாக ஒளிர்ந்தது, அதுதான் வீக்கம். கோடு இன்னும் விழவில்லை. விழுந்துவிட்டதா, கூடியதா என்ற கேள்வி வந்தால்தான் சிடி.

அப்புறம் திரும்பி வருவது. வலி நின்றதும் வீசலாமா, எலும்பு கூடும்வரை காத்திருக்கலாமா? ஆறாவது வாரமே அவனுக்கு வலி இல்லை. ஆனாலும் நான் இரண்டாவது பக்கம் நின்றேன், எலும்பு கூடுவதற்கு முன்பே வலி போய்விடும். நான்காம் மாதம் மறுபடி எம்.ஆர்.ஐ, வீக்கம் அடங்கியிருந்தது. அதுவரை வயிறு, பிட்டத் தசைகளுக்குப் பயிற்சி, பிறகு ஓட்டம்.

பந்து கையில் வந்தது அதற்கப்புறம்தான். முதலில் நின்றபடி 12 பந்து, பாதி வேகத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு குறுகிய ஓட்டம், பந்து எண்ணிக்கை 18, 24 என்று ஏறியது. வேகத்தைக் கடைசியில்தான் கூட்டினோம். எண்ணிக்கையும் வேகமும் ஒரே வாரத்தில் ஏறவில்லை. பழைய இடத்தில் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஏழாம் மாதம் முழு வேகம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில் 6 ஓவர், நாளுக்கு 12 என்று வரம்பு வைத்திருக்கிறது. முதல் மேட்சில் நாங்கள் 4 ஓவரோடு நிறுத்திக்கொண்டோம்.