டர்பன் தமிழரும் பெந்தெகொஸ்தேயும்: இடப்பெயர்வா, சுகமளிப்பா?

தென்னாப்பிரிக்கத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பெந்தெகொஸ்தே சபைகளுக்குத் திரண்டதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

முதலாவது இடப்பெயர்வு. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து மக்களைப் பெயர்த்து, 1960-களில் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தின் சிறு வீடுகளில் குடியேற்றியது. கூட்டுக்குடும்பம் சிதறியது, பழைய கோயில் தொலைவானது. வீட்டு ஜெபக்கூட்டம் புதிய உறவுவட்டமானது. ஆனால் போதகர் ரோலண்ட்ஸ் தொடங்கிய பெத்தெஸ்தா என்ற பெந்தெகொஸ்தே சபை 1930-களிலேயே இந்தியரிடையே வளரத் தொடங்கிவிட்டது. குஜராத்திகளும் முஸ்லிம்களும் இதே சட்டத்தால் பெயர்க்கப்பட்டார்கள். அவர்களில் மதம் மாறியவர்கள் மிகக் குறைவு. ஆகவே இடப்பெயர்வு வேகத்தை விளக்கும், தொடக்கத்தை விளக்காது.

இரண்டாவது சுகமளிப்பு. நோய்க்குப் பேய், செய்வினை காரணம் என்று நம்பி, மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டு, சாமியாடியிடம் குறி கேட்ட வீட்டுக்கு, கைவைத்து ஜெபிப்பதும் பிசாசைத் துரத்துவதும் அந்நியமல்ல. சபை அந்த ஆவிகளை மறுக்கவில்லை; அவற்றை வெல்லும் இயேசுவின் பெயரைத் தந்தது. குஜராத்திகள் ஏன் வரவில்லை என்பதற்கும் இதில் ஓரளவு விடை உண்டு. குறை இதுதான்: நோய் தீராதபோதும் பலர் சபையிலேயே தங்கினார்கள். அதற்கு அந்த ஜெபக்கூட்டத்து உறவைத்தான் பார்க்கவேண்டும்.

என் கணிப்பில், வாசலுக்கு அழைத்து வந்தது சுகமளிப்பு. உள்ளே இருத்தியது சாட்ஸ்வொர்த்தின் தனிமை.