வெயிலில் உழைப்பவருக்கு எந்த பிரஷர் மாத்திரை? ஹைட்ரோகுளோரோதயாசைடும் அதற்கு மாற்றானவையும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாந்தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் கல்குவாரியிலும் பகல் முழுவதும் நிற்கும் பலர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் விழுங்கும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று டெல்மிசார்ட்டன் போன்ற முதன்மை மருந்து; மற்றொன்று உடலில் இருந்து உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயாசைடு. பெயரின் முடிவில் எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெரும்பாலும் இந்த நீர் மாத்திரை கலந்திருக்கிறது என்று பொருள். ஆனாலும் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மருந்துப் பட்டியலைப் படித்து உறுதி செய்துகொள்வதே சரி. வெயிலோடு இந்த மருந்துக்கு ஒரு தனிப்பட்ட தொடர்பு உண்டு என்பதால், வெளியில் உழைக்கும் ஒருவர் இதையே தொடர்வதா, வேறு நீர் மாத்திரைக்கு மாறுவதா, நீர் மாத்திரையே இல்லாத சேர்க்கைக்குப் போவதா என்பதை எடைபோட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

இந்த மருந்து தோலில் இருக்கும்போது புற ஊதா கதிர்களை, குறிப்பாக யுவிஏ எனப்படும் நீண்ட அலைக் கதிர்களை, உள்வாங்கி அவற்றின் ஆற்றலைச் சுற்றியுள்ள திசுக்களுக்குக் கடத்துகிறது. உடனடி விளைவு, வழக்கமாகத் தாங்கக்கூடிய வெயிலே தோலைச் சுட்டுவிடுவது. மெதுவான விளைவு, தோல் செல்லின் டிஎன்ஏவில் ஏற்படும் சேதம் கூடிக்கொண்டே போவது. யுவிஏ கதிர்கள் மேகத்தையும் சாதாரண கண்ணாடியையும் ஊடுருவும். ஆகவே தொப்பூர் கணவாய் வழியே நாள்தோறும் லாரி ஓட்டுபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும், சன்னல் ஓரத்து வலது கை வெயிலில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

நீண்ட கால ஆபத்தைப் பெரிய அளவில் வெளிக்கொண்டு வந்தவை 2017, 2018 ஆண்டுகளில் வெளியான டென்மார்க் ஆய்வுகள். வாழ்நாளில் மொத்தமாக 50,000 மில்லிகிராமுக்கு மேல் இந்த மருந்தை உட்கொண்டவர்களிடம் ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ நான்கு மடங்காகக் காணப்பட்டது; பேசல் செல் வகையில் உயர்வு மிகச் சிறியது. உதட்டுப் புற்றுநோயிலும் இதேபோன்ற தொடர்பு தெரிந்தது. 50,000 என்ற எண் எட்டாத உயரத்தில் இல்லை. தினமும் 12.5 மில்லிகிராம் எடுப்பவர் ஏறக்குறைய 11 ஆண்டுகளிலும், 25 மில்லிகிராம் எடுப்பவர் ஐந்தரை ஆண்டுகளிலும் அதைத் தொட்டுவிடுவார்கள்.

இதைப் படித்தவுடன் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு மடங்கு என்பது எதற்கு நான்கு மடங்கு என்பதே முக்கியம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தபோது, கூடுதலாக உண்டாகும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 பேருக்கு ஒன்று என்றும், 50,000 மில்லிகிராமைத் தாண்டிய வெள்ளைத் தோலினரில் 6,700 பேருக்கு ஒன்று என்றும் கணக்கிட்டது. தைவானில் நடந்த ஆய்வில் இத்தகைய தெளிவான உயர்வு காணப்படவில்லை. நம் தோலின் நிறமி புற்றுநோயில் இருந்து நமக்குப் பெருமளவு காப்புத் தருகிறது. மறுபுறம், கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் வரும் பக்கவாதமும் மாரடைப்பும் நம் ஊர்களில் அன்றாட நிகழ்வுகள். எனவே நம் மக்களுக்குப் புற்றுநோய் அச்சத்தைவிட, வெயிலால் உண்டாகும் தோல் அழற்சியே இந்த மருந்தில் நடைமுறைச் சிக்கல் என்பது என் கருத்து. நிறமி அதைத் தடுப்பதில்லை.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு வேலைக்குப் போகும், ஐம்பதைக் கடந்த ஒரு பெண். டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 சேர்ந்த மாத்திரையை ஏழு ஆண்டுகளாகத் தவறாமல் எடுக்கிறார். அழுத்தம் 130/80 அளவில் கட்டுக்குள் இருக்கிறது. மொத்த அளவு ஏறக்குறைய 32,000 மில்லிகிராம். அறுவடை தொடங்கிய பிறகு முன்கைகளிலும் புறங்கையிலும் கழுத்தின் பின்பக்கத்திலும் எரிச்சல், பிறகு கருமை. "தோப்புல மருந்து அடிச்ச அன்னிக்கு இருந்துதான் சார் எரியுது" என்கிறார். நம் தோலில் இந்த அழற்சி ஆங்கிலப் பாடநூல் படங்களில் உள்ளதுபோல் சிவந்து தெரியாது. கருத்து, தடித்து, அரிப்போடு இருக்கும் என்பதால் எளிதில் வேறு காரணத்தின் தலையில் விழுந்துவிடுகிறது.

பூச்சிமருந்தைத் தவிர இங்கு இதனோடு குழப்பிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளது பார்த்தீனியம் செடியால் வரும் ஒவ்வாமை. தோலைக் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் புலப்படும். பார்த்தீனியத்தின் துகள் காற்றில் வந்து படிவதால் கண் இமை, காதின் பின்புறம், தாடையின் கீழ்ப்பகுதி, கழுத்து மடிப்பு, முழங்கையின் உள்மடிப்பு ஆகியவற்றையும் அது விட்டுவைக்காது. மருந்தும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் அழற்சியோ வெயில் படாத இந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு, ரவிக்கைக் கையின் ஓரத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும். நாம் எண்ணிப் பார்க்கும் பெண்ணுக்கு வளையல்களின் அடியில் தோல் தெளிவாக இருக்கிறது. காதின் பின்புறமும் தெளிவாக இருக்கிறது. ஆகவே சந்தேகம் மாத்திரையின் மேல் விழுகிறது. நாள்பட்ட பார்த்தீனியம் ஒவ்வாமை வெயில் ஒவ்வாமையாகவும் மாறக்கூடும் என்பதால், ஐயம் நீடித்தால் தோல் மருத்துவரே முடிவு சொல்ல வேண்டும்.

இவருக்கு முதல் வழி, அதே மாத்திரையைத் தொடர்ந்து, தோலை மூடிக்கொள்வது. அழற்சி எதுவும் இல்லாதவருக்கும், பல மருந்துகளுக்குப் பிறகு இதில்தான் அழுத்தம் அடங்கியது என்பவருக்கும் இது நியாயமான வழி. ஆனால் அழற்சி வெளிப்பட்டுவிட்ட ஒருவரை, ஒவ்வோர் அறுவடையிலும் மீண்டும் சுடும் என்று தெரிந்தே, இதில் வைத்திருப்பதற்கு நான் காரணம் காணவில்லை.

இரண்டாவது வழி, குளோர்தாலிடோன் அல்லது இண்டாபமைடு. இவையும் நீர் மாத்திரைகளே. குளோர்தாலிடோனின் செயல் ஒரு நாளைத் தாண்டி நீடிக்கும். ஒரே மில்லிகிராம் அளவில் அது ஹைட்ரோகுளோரோதயாசைடைவிட வலுவானது. 2022இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பொட்டாசியம் குறைவது மட்டும் குளோர்தாலிடோனில் சற்று அதிகமாக இருந்தது. புற்றுநோய்த் தொடர்புக்கான சான்று ஹைட்ரோகுளோரோதயாசைடுக்கு உள்ள அளவுக்கு இவற்றுக்கு வலுவாக இல்லை. எனினும் வெயில் அழற்சி இவற்றாலும் வரக்கூடும். தவிர, சித்திரை வெயிலில் வியர்வை வழிய உழைப்பவரின் உடலில் இருந்து எந்த நீர் மாத்திரையும் உப்பை மேலும் இழுக்கத்தான் செய்யும். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள். மாறினால் சில வாரங்களுக்குள் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். கூலி வேலையில் இருப்பவருக்கு இது ஒரு நாள் சம்பள இழப்பு என்பதையும் எழுதிக் கொடுப்பவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, நீர் மாத்திரையை நீக்கிவிட்டு டெல்மிசார்ட்டனுடன் அம்லோடிபின் 5 சேர்ப்பது. வயல்வேலை செய்பவருக்கு, வேறு தடை இல்லையென்றால், என் தேர்வு இதுவே. வெயில் அழற்சி அம்லோடிபினில் அரிது. உப்பு இழப்பும் இல்லை. இதன் குறை கணுக்கால் வீக்கம். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்கு மாலையில் அது கூடுதலாகத் தெரியும். டெல்மிசார்ட்டன் உடன் இருக்கும்போது வீக்கம் ஓரளவு குறைகிறது. டெல்மிசார்ட்டனும் கடும் நீரிழப்பின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட நாளில் மாத்திரையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். இதய வீக்கம், கால்களில் நீர் கோத்தல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர்களுக்கு நீர் மாத்திரை வேறு காரணத்துக்காகத் தரப்பட்டிருக்கும்.

மாந்தோப்புப் பெண்ணுக்கு மூன்றாவது வழியே பொருந்தும். மாற்றிய பின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அழுத்தத்தை மீண்டும் அளக்க வேண்டும். தோலின் எரிச்சல் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். கருமை மறைய மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தியும் எரிச்சல் தணியவில்லை என்றால், மாத்திரையின் மேல் சுமத்திய பழியை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மாத்திரையை இரவில் எடுத்தால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே 6 முதல் 15 மணி நேரம் ஆகிறது. காலையில் வயலில் இறங்கும்போதும் மருந்து உடலில் இருக்கும். கூடவே தூக்கமும் கெடும்.

மூடிக்கொள்வதில் துணியா, களிம்பா என்றால், வெளி வேலைக்குத் துணியே மேல். முகம், கழுத்து, இரு கைகளுக்கு ஒருமுறை போதிய அளவு பூச ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி சன்ஸ்கிரீன் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். 50 கிராம் குழாய் ஒரே நாளில் தீர்ந்துவிடும் கணக்கு இது. அதனால் களிம்பை மூட முடியாத மூக்கு, கன்னம், காது மடல், உதடு ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். யுவிஏ கதிரையும் தடுக்கும் வகையாக அது இருக்க வேண்டும். நம் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது மிகச் சிறந்த காப்பு, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டு வைத்தால். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் கதிரும் அவ்வழியே வரும் என்று அறியலாம். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி காய்ந்ததைவிடக் குறைவாகவே தடுக்கும். தலைப்பாகை உச்சியைக் காக்கும். காதையும் பிடரியையும் காக்க, துண்டின் ஒரு முனையைப் பின்னால் தொங்கவிட வேண்டும். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை மரநிழலில் செய்யக்கூடிய தரம் பிரித்தல், கூடை கட்டுதல் போன்ற வேலைகளை ஒதுக்கிவைக்க மேஸ்திரி ஒப்புக்கொண்டால், அது எந்தக் களிம்பைவிடவும் மேலானது.

சிலர் எந்த ஒப்பீடும் இன்றி இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டியவர்கள்: முன்பு தோல் அல்லது உதட்டுப் புற்றுநோய் வந்தவர்கள், நிறமிக் குறைபாட்டோடு பிறந்தவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி படர்ந்தவர்களும் மாற்றைக் கேட்பது நல்லது. மற்றவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் புறங்கை, காது மடல், கீழ் உதடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வாரங்களாகியும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் சொரசொரப்பான திட்டு, வளரும் கரிய முடிச்சு இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். புகையிலை போடுபவரின் கீழ் உதட்டுப் புண்ணுக்கும், பழைய தீக்காயத் தழும்பில் திறந்த புண்ணுக்கும், எந்த மாத்திரை எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.