ஊர்ப் பயணத்தில் எடுத்த கை எக்ஸ்ரே: கடைசி வரியில் இருக்கும் உயரத்தை எப்படிப் படிப்பது

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் பிள்ளைக்கு எலும்பு வயது பார்த்தால், பெரும்பாலும் அன்றைக்கே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்: பிறந்த கணக்குப்படி வயது, கை எலும்புகள் எந்த வயதுக்குரிய அளவில் முதிர்ந்திருக்கின்றன என்று சொல்லும் எலும்பு வயது, வளர்ந்து முடிந்தபின் வரக்கூடிய உயரம். திரும்பிப் போனதும் அங்குள்ள டாக்டர் அதே படத்தைப் பார்த்து வேறு உயரம் சொல்வார். அப்போது யார் சொன்னது சரி என்று வீட்டில் குழப்பம் தொடங்கும். அனேகமாக இருவருமே தப்புச் செய்திருக்க மாட்டார்கள். அந்த ஒற்றை எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் வித்தியாசம் எங்கே புகுந்தது என்றும் தெரிந்துவிடும்.

படம் இடது கைக்குத்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கை கீழே படிந்து, விரல்கள் லேசாக விரிந்து, மணிக்கட்டைத் தாண்டி முன்கை எலும்புகளின் நுனியும் படத்தில் விழ வேண்டும். அந்த நுனி வெட்டுப்பட்டிருந்தால், வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முக்கியமான இடமே போய்விடும். அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். படத்தை க்ரூலிக்–பைல் அட்லஸில் உள்ள மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, எது நெருக்கமோ அந்த வயதை எழுதுவார்கள். 1959இல் வந்த இதன் இரண்டாம் பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உயரக் கணக்குக்கு 1952இல் பெய்லியும் பின்னோவும் வெளியிட்ட அட்டவணையைப் பார்ப்பார்கள். இந்த எலும்பு வயதில் ஒரு பிள்ளை தன் இறுதி உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கும் என்பதுதான் அந்த அட்டவணை. கணக்கு இவ்வளவுதான்:

```
இறுதி உயரம் = இன்றைய உயரம் ÷ சதவீதம் × 100
```

ஆனால் ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் அட்டவணை மூன்று. எலும்பு வயது, உண்மையான வயதுக்கு ஒரு வருடத்துக்குள் இருந்தால் சராசரி அட்டவணை. ஒரு வருடத்துக்கு மேல் முந்தியிருந்தால் ஒன்று, பின்தங்கியிருந்தால் இன்னொன்று. எதைத் திறக்கிறோம் என்பதிலேயே சில சென்டிமீட்டர் மாறிவிடும்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வயது 13 வருடம் 4 மாதம். உயரம் 146 செ.மீ. எலும்பு வயது 12 என்று ரிப்போர்ட். 16 மாதம் பின்தங்கியிருக்கிறான், ஆகவே பின்தங்கியவர்களின் அட்டவணை. அதில் எலும்பு வயது 12க்கு 84.5 சதவீதம். 146ஐ 84.5ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 172.8 செ.மீ.

இப்போது பதிவு செய்யும் இடத்தில் வயதை வெறும் "13" என்று போட்டிருந்தால்? வித்தியாசம் சரியாக ஒரு வருடம் என்று ஆகிவிடும், சராசரி அட்டவணையைத் திறப்பார்கள். அங்கே 12க்கு 83.4 சதவீதம். விடை 175.1. படமும் அதே, உயரமும் அதே. நாலு மாதத்தை விட்டதால் 2 செ.மீ.க்கு மேல் கூடிவிட்டது. அதனால் ரிப்போர்ட் வந்ததும் முதலில் தலைப்பில் இருக்கும் வயதைப் பாருங்கள். பிறந்த தேதியிலிருந்து படம் எடுத்த தேதி வரை மாதக் கணக்கில் இருக்க வேண்டும்.

பின்தங்கிய அட்டவணையில் சதவீதம் ஏன் கூடுதல் என்று சிலர் கேட்பார்கள். அதே எலும்பு நிலைக்கு வர அந்தப் பிள்ளைக்கு அதிக காலம் பிடித்திருக்கிறது. அந்தக் காலத்திலும் அவன் கொஞ்சம் வளர்ந்திருக்கிறான். எனவே இறுதி உயரத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே வந்துவிட்டது. "எலும்பு வயது குறைவு, இன்னும் நிறைய வளர்வான்" என்ற ஆறுதல் ஓரளவுக்குத்தான் உண்மை. இரண்டு வருடத்துக்கும் மேல் பின்தங்கிய பையன்களுக்கு இந்த முறை உண்மையைவிடக் கூட்டியே சொல்லும் போக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

மிகப் பெரிய ஆட்டம் எலும்பு வயதைப் படிப்பதில்தான். பயிற்சி உள்ள இருவர் ஒரே படத்தைப் பார்த்து அரை வருடம் மாறிச் சொல்வது சாதாரணம். ஒரு வருடம் மாறுவதும் நடக்கும். மேலே சொன்ன பையனையே பாருங்கள். எலும்பு வயது 11 என்றால் பின்தங்கிய அட்டவணையில் 82.3 சதவீதம், விடை 177.4. 13 என்றால் சராசரி அட்டவணைக்குத் தாவி 87.6, விடை 166.7. இரண்டு முனைக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல்! பையன்களுக்கு 12க்கும் 15க்கும் இடையில் சதவீதம் வேகமாக ஏறுவதால்தான் இப்படி. பெற்றோர் அதிகம் கவலைப்பட்டுக் கேட்பதும் இந்த வயதில்தான்.

படத்தில் நீங்களே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அடிமூட்டுக்குப் பக்கத்தில் பயறு போலத் தனியாக ஒரு சின்ன எலும்புப் புள்ளி. பையன்களுக்கு இது பெரும்பாலும் எலும்பு வயது 13ஐ ஒட்டித்தான் தெரியத் தொடங்கும். ரிப்போர்ட்டில் 12 என்று இருந்து, படத்தில் அந்தப் புள்ளி பளிச்சென்று இருந்தால், இன்னொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

உயரத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். வெறுங்கால், குதிகால் சுவரை ஒட்டி, கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு செ.மீ. அளவுக்குக் குறையலாம். செருப்போடு அளந்து 1.5 செ.மீ. கூடினால், நம் கணக்கில் முடிவு 1.8 செ.மீ. கூடும். அளவில் வரும் பிழை விடையில் பெருகித்தான் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அட்டவணைக்கே உரிய பிழை இருக்கிறது. இந்த வயதில் அது ஏறக்குறைய 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 172.8 என்றால், இப்படிப்பட்ட மூன்று பையன்களில் இருவர் 170க்கும் 176க்கும் நடுவில் நிற்பார்கள், மற்றவர் அதற்கு வெளியே. ஏறக்குறைய எல்லோரையும் உள்ளே கொண்டுவர 167 முதல் 179 வரை சொல்ல வேண்டும். எலும்பு வயது 15ஐத் தாண்டினால் 97 சதவீதத்தை நெருங்கிவிடும், மிச்சம் கொஞ்சம்தான், பிழையும் சுருங்கும். தைராய்டு குறைவு, எலும்பு வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த அட்டவணையை அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. அவை ஆரோக்கியமான பிள்ளைகளை வைத்துச் செய்தவை.

திரும்பிப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படத்தின் டிஜிட்டல் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த முறையில் எலும்பு வயது படித்தார்கள், எந்த அட்டவணை, அன்று அளந்த உயரம் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். சில நாடுகளில் டானர்–ஒயிட்ஹவுஸ் முறையில் ஒவ்வொரு எலும்புக்கும் மதிப்பெண் போட்டு வயது சொல்வார்கள். அந்த வயதை எடுத்து பெய்லி–பின்னோ அட்டவணையில் தேடினால் விடை தப்பாகும். அது க்ரூலிக்–பைல் வயதுக்கென்றே செய்த அட்டவணை.

அடுத்த பயணத்தில் மறுபடி எடுத்தால், புதிய படத்தைப் படிப்பவரிடமே பழைய படத்தையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே கண் இரண்டையும் பார்த்தால், அதன்பிறகும் தெரியும் மாற்றம் பிள்ளையுடையது என்று ஓரளவு நம்பலாம். ஒருமுறை 172.8, அடுத்த முறை 171 என்று வந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை. அது பிழை எல்லைக்குள் வரும் அசைவு. இரண்டு வருகைக்கும் நடுவே ஒரு வருடத்தில் எத்தனை செ.மீ. வளர்ந்தான் என்ற அளவையும் டாக்டரிடம் கொடுங்கள். அதற்கு எக்ஸ்ரே தேவையில்லை, ஒரே இடத்தில் ஒரே ஆள் அளந்தால் போதும்.