சிக்குன்குனியாவுக்குப் பிறகு நீளும் மூட்டுவலி: எந்த அளவுகோலை நம்புவது?

சிக்குன்குனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டுவலி அப்படி இறங்குவதில்லை. மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட கட்டம் என்று கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கட்டத்தில் வரும் கேள்விகள் இரண்டு. மூட்டுக்குள் இன்னும் அழற்சி இருக்கிறதா, அல்லது வலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா? அழற்சி இருந்தால் அது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதமா? மாத்திரையைத் தீர்மானிப்பது இந்த இரண்டுக்குமான பதில்தான். ஆனால் எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பதிலே மாறிவிடுகிறது.

ஐந்து மாதமாக அவதிப்படும் இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் இரு பக்கமும் வலி, கூடவே எட்டு விரல் மூட்டுகளும். அழுத்தினால் பதினாறு மூட்டுகளிலும் வலிக்கிறது, ஆனால் ஒன்றுகூட வீங்கவில்லை. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். 16. "நூற்றுக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டால் 70 என்கிறார். இரண்டாமவருக்கு இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன, அழுத்தினால் வலிக்கவும் செய்கின்றன. பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடத்து மூட்டுகளில், பெருவிரலை விட்டுவிட்டு எட்டிலும் அழுத்தினால் வலி. ஒரு மணிக்கட்டிலும் வலி இருக்கிறது. ஈ.எஸ்.ஆர். 10, கஷ்டம் 60. காலையில் எழுந்து முதல் ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

முடக்குவாதத்துக்காக உருவாக்கப்பட்ட டாஸ் 28 என்ற மதிப்பெண்ணை முதலில் போட்டுப் பார்ப்போம். வலிக்கும் மூட்டு எத்தனை, வீங்கிய மூட்டு எத்தனை, ஈ.எஸ்.ஆர்., நோயாளி சொல்லும் கஷ்டம், இந்த நான்கையும் ஒரே எண்ணாக்கும் சூத்திரம் அது. 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள், 3.2 வரை குறைவு, 5.1-க்கு மேலே போனால் தீவிரம். முதலாமவருக்கு 5.16 வருகிறது. வீக்கமே இல்லாதவர் தீவிரப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். இரண்டாமவருக்கு 3.01. நடக்க முடியாதவருக்கு 'குறைவு' என்ற முத்திரை!

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இந்தச் சூத்திரத்தில் வலிக்கும் மூட்டுக்குக் கொடுக்கும் எடை, வீங்கிய மூட்டுக்குக் கொடுப்பதைப்போல இரு மடங்கு. அதோடு நோயாளி சொல்லும் கஷ்டமும் சேர்கிறது. உறக்கக் குறைவும் மாதக்கணக்கான வலியும் சேர்ந்து உடலின் வலி உணர்வைக் கூட்டியிருந்தால் மதிப்பெண்ணும் அதோடு ஏறிவிடும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அந்த 28 மூட்டுகள் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் ஆகியவை மட்டுமே. கணுக்காலும் பாதமும் கணக்கிலேயே இல்லை. சிக்குன்குனியா விரும்பிப் பிடிக்கும் இடமே கணுக்கால் என்னும்போது, அதைப் பார்க்காத அளவுகோலை மட்டும் வைத்து "உங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லி ஒருவரை அனுப்பிவைப்பது அநியாயம்.

அடுத்தது, முடக்குவாதத்தை வகைப்படுத்தும் 2010-ஆம் ஆண்டு விதிமுறை. அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்தது. பத்துக்கு ஆறு வந்தால் முடக்குவாதம். இதில் நம் இரண்டாமவரை வைத்துப் பாருங்கள். பதினொரு மூட்டுகள், அவற்றில் சிறு மூட்டுகளும் உண்டு, ஆகவே ஐந்து மதிப்பெண். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்ததற்கு ஒன்று. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருந்தும் ஆறு வந்துவிட்டது. ஒரு கணக்கில் 'குறைவு' என்று வந்த அதே ஆள், இன்னொரு கணக்கில் முடக்குவாத நோயாளி.

இங்கே விதிமுறையைக் குறை சொல்ல முடியாது. குறைந்தது ஒரு மூட்டிலாவது உறுதியான வீக்கம் இருக்க வேண்டும், அந்த வீக்கத்துக்கு வேறு நோய் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது என்று அதன் வாசலிலேயே நிபந்தனை இருக்கிறது. சிக்குன்குனியா வந்துபோனவருக்கு அந்த வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அதைப் படிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் கூட்டும்போதுதான் தப்பு நேர்கிறது. இரண்டையும் பிரிக்க ஆன்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவாக இருக்கும், சிக்குன்குனியா மூட்டுவலியில் பெரும்பாலும் நெகட்டிவ்தான். முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபாக்டரை இந்த அளவுக்கு நம்ப முடியாது, வைரஸ் காய்ச்சல்களுக்குப் பிறகு அது லேசாக ஏறுவதுண்டு. கை, பாத எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் அரித்திருந்தால் முடக்குவாதச் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது எதையும் மறுத்துவிடாது.

அப்புறம், காய்ச்சலே சிக்குன்குனியாதானா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். தொற்று போன பிறகும் ரத்தத்தில் தங்கியிருக்கும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பல வருடங்களுக்கு முன் வந்த தொற்றாகவும் இருக்கலாம். காய்ச்சல் வந்த நாள், அப்போது எடுத்த ரிப்போர்ட், வலி தொடங்கிய நாள், இவை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது வழி பழையது, மெதுவானது. எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை: கையால் தொட்டுப் பார்ப்பது, பாதத்தையும் சேர்த்து. வலிக்கு 68 மூட்டுகள், வீக்கத்துக்கு 66 மூட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும் முழுக் கணக்கு இது. மருத்துவர் இரண்டு கட்டைவிரல்களையும் மூட்டுக் கோட்டின் மேல் வைத்து மெல்ல அழுத்துவார். மூட்டுச் சவ்வு வீங்கியிருந்தால் மெத்தென்று அமுங்கும். வெறும் வலியென்றால் எலும்பின் விளிம்பு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படும். இப்படிப் பார்த்தால் முதலாமவருக்கு 16 வலி, வீக்கம் பூஜ்யம். இரண்டாமவருக்கு 11 வலி, 2 வீக்கம். இரண்டு எண்களையும் கலக்காமல் தனித்தனியாக எழுதியதுமே யாருக்கு அழற்சி என்பது தெரிந்துவிடுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. கணுக்காலில் வீங்கியிருப்பது மூட்டா, அதைச் சுற்றி ஓடும் தசைநாரின் உறையா என்பது கைக்குப் பல நேரம் தெரியாது. சிக்குன்குனியாவில் தசைநார் உறை வீங்குவது சாதாரணமாக நடப்பது. உடல் பருமனாக இருந்தாலும் கை ஏமாறும். அப்படிச் சந்தேகம் வரும் இடத்தில் பவர் டாப்ளரோடு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது நல்லது. சவ்வு தடித்திருப்பதையும் அதில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதையும் திரையிலேயே காட்டிவிடும். ஈ.எஸ்.ஆர்., அதைப்போலவே அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. இரண்டும் இயல்பு என்பதை மட்டும் வைத்து அழற்சி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நாள்பட்ட கட்டத்தில் வீக்கம் இருக்கும்போதே இவை இயல்பாக வருவதுண்டு.

சரி, இதனால் சிகிச்சையில் என்ன மாறுகிறது? 5.16-ஐ மட்டும் பார்த்தால் முதலாமவருக்கு அழற்சியை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எழுதத் தோன்றும். அடக்க வேண்டிய அழற்சியே இல்லாதவருக்கு அதனால் கிடைப்பது கல்லீரல், ரத்த அணுக்கள் பற்றிய கவலைதான். அவருக்குத் தேவை வலி நிவாரணம், படிப்படியான உடற்பயிற்சி, உறக்கத்தைச் சரிசெய்வது. மெத்தோட்ரெக்ஸேட் பற்றி யோசிக்க வேண்டியது இரண்டாமவருக்கு. வலிநிவாரணிகளுக்கு வீக்கம் அடங்கவில்லை என்றால் மூட்டுநோய் நிபுணர் அதைத் தொடங்கலாம். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கும் மருந்து. தெரியாமல் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது.

தொடர்ந்து கவனிக்கும்போதும் இதே முறைதான். ஒவ்வொரு முறையும் வலி எண்ணிக்கை, வீக்க எண்ணிக்கை, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். காலுறையைக் கழற்றாமல் பரிசோதனை முடிந்துவிட்டால், "பாதத்தையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.