கறுப்பு காரா, வெள்ளை காரா: சில வருஷம் ஓட்டிய பிறகு தெரிவது

கறுப்பு கார் என்றால் உள்ளே வெந்துபோவோம் என்று பயந்தே பலர் வெள்ளைக்குப் போகிறார்கள். அந்தப் பயத்தில் பாதிதான் நியாயம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே மாடலில் ஒரு கறுப்பு காரையும் ஒரு சில்வர் காரையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கூரைத் தகட்டின் சூட்டில் 25 டிகிரி வரை வித்தியாசம் இருந்தது. உள்ளே காற்றிலோ 5, 6 டிகிரிதான். கண்ணாடி வழியாக வரும் வெயில் டேஷ்போர்டையும் சீட்டையும் நேராகச் சுடுகிறது; வெளி பெயின்ட் அதைத் தடுக்க முடியாது. வெள்ளை கார் வாங்கி உள்ளே முழுக்கக் கறுப்பு சீட் போட்டால் கிடைத்த லாபத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். எந்த நிறமானாலும் முன் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். கிளம்பும்போது ஒரு நிமிஷம் ஜன்னலை இறக்கி ஓட்டிவிட்டு, அப்புறம் ஏசியைப் போடுங்கள்.

கறுப்பின் உண்மையான தொல்லை அழுக்கு. வெள்ளையில் மழைக்காலச் செம்மண் கதவின் கீழ்ப்பகுதியில் பளிச்சென்று தெரியும், ஆனால் கழுவினால் போய்விடும். கறுப்பில் தெரிவது தூசியும், அதைத் துடைத்ததன் தழும்பும். அபார்ட்மென்ட்களில் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து காரைத் துடைக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்தத் துணியில் ஒட்டிய மணல்தான் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைக் கீறுகிறது. மொபைல் டார்ச்சை பானட்டுக்குக் கிட்டே பிடித்துப் பாருங்கள், ஒளியைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியும். வெள்ளையிலும் அவை இருக்கும், கண்ணுக்குப் படாது. பாலிஷ் போட்டால் மறையும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்கிறது, அதனால் அடிக்கடி செய்ய முடியாது. முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டு, ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று வைத்து மேலிருந்து கீழாகக் கழுவுவதுதான் வழி. போர்வெல் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள். சுண்ணாம்புப் புள்ளி கறுப்பில்தான் முதலில் தெரியும். இந்த வேலைக்கெல்லாம் நேரமில்லாதவர்களுக்கு சில்வரோ கிரேயோ போதும். வாரக்கணக்கில் கழுவாவிட்டாலும் மானம் காக்கும்.

விற்கும்போது வெள்ளைக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வாடகைக்கு ஓடிய கார்களில் வெள்ளையே அதிகம் என்பதால், வாங்குபவர் ஆர்சியில் பழைய பதிவை ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பார். அபூர்வ நிறம் பிடித்தவருக்குப் பிடிக்கும், அந்த ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். விலையை அதைவிட அதிகமாகக் குறைப்பது ரீபெயின்ட். வியாபாரிகள் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்து, மற்ற இடமெல்லாம் 110, 120 மைக்ரான் காட்டும் காரில் ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் உடனே பேரம் பேசுவார்கள். இதில் பேர்ல் வெள்ளைதான் மோசம். அடிநிறம், பேர்ல், கிளியர் என்று மூன்று அடுக்கு இருப்பதால் பம்பருக்கு மட்டும் பெயின்ட் அடித்தாலும் பக்கத்துத் தகட்டோடு நிறம் சேர்வது கஷ்டம். மீட்டர் இல்லாமலே, மாலை வெயிலில் சாய்ந்து நின்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும். சாதா வெள்ளையில் இந்த வம்பு குறைவு.