பத்து நிமிட இடைவேளைக்கு எந்த மொபைல் கேம்? சில வருடங்கள் ஆடிப் பார்த்த அனுபவம்

இடைவேளை பத்து நிமிடம்தான் என்றால், ஒரு கேமைப் பற்றி முதலில் பார்க்க வேண்டியது மேட்ச் இழுத்தால் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதுதான். "சராசரியா மூணு நிமிஷம்தான்" என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்கினால், மேட்ச் சூடுபிடிக்கிற நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுவார். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்க்கிறேன். கவுன்ட்டரில் போன் எடுக்க முடியாது. காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ, அவ்வளவுதான் என் நேரம். அதனால் எனக்கு வேண்டியது உச்சவரம்பு உள்ள மேட்ச்.

அந்தக் கணக்கில் சில கேம்கள் உடனே அடிபட்டுப் போகும். துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐயில் கிளாசிக் மேட்ச் கடைசிவரை தாக்குப்பிடித்தால் அரைமணி நேரம். அதிலேயே டீமுக்கு டீம் மோதும் டிடிஎம்மில் 40 கில் அல்லது 10 நிமிடம் என்று வரம்பு உண்டு. ஆனால் ஆள் சேர்ந்து, லோட் ஆகி முடிப்பதற்குள் நம் பத்து நிமிடம் தாண்டிவிடும். பிரால் ஸ்டார்ஸ் நேரத்தில் பொருந்துகிறது, ஆடவும் அருமையாக இருக்கும். ஆனால் மூன்று பேர் டீம் என்பதால், நடுவில் எழுந்து போனால் நம் இடத்தில் கம்ப்யூட்டர் பாட் ஆடும். முகம் தெரியாத இரண்டு பேர் அதனால் தோற்பார்கள். எந்த நிமிடமும் எழுந்து போக வேண்டியிருக்கும் ஆளுக்கு ஒருவருக்கு ஒருவர் ஆடும் கேம்தான் நியாயம் என்பது என் கருத்து. போனால் நம் புள்ளி மட்டும் போகும்.

அப்படி வடிகட்டி என் போனில் நிலைத்தது கிளாஷ் ராயல், கார்டு போட்டுப் படையை இறக்கி எதிராளியின் டவரை உடைக்கும் கேம். 2016-ல் வந்த கேம், இன்னும் ஆடுகிறேன். காரணம் அதன் கடிகாரம். மேட்ச் 3 நிமிடம். சமமாக இருந்தால் ஓவர்டைம் 2 நிமிடம், அதில் யார் முதலில் ஒரு டவரை உடைக்கிறாரோ அவர் ஜெயித்தார். அப்போதும் முடியாவிட்டால் டைபிரேக்கர்: எல்லா டவர்களின் உயிரும் வேகமாகக் கரைய ஆரம்பிக்கும், குறைந்த உயிருள்ள டவர் முதலில் விழும், அதன் சொந்தக்காரர் தோற்றார். லோடிங்கையும் சேர்த்து ஆறு நிமிடம் வைத்துக்கொண்டால் போதும். கையில் ஆறு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் நான் அடுத்த மேட்சைத் தொடுவதில்லை.

இந்தக் கடிகாரம் ஆட்டத்தையே எப்படி மாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கார்டு போட எலிக்சர் வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒரு எலிக்சர் ஊற 2.8 விநாடி ஆகும், மூன்றாவது நிமிடத்தில் 1.4 விநாடி. அதாவது முதல் இரண்டு நிமிடத்தில் மொத்தமாகக் கிடைப்பது, கடைசி ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். 8 எலிக்சர் விலையுள்ள கோலம் மாதிரி கனமான கார்டை நம்பி ஆடுபவர்கள் அந்தக் கடைசி நிமிடத்துக்காகக் காத்திருப்பார்கள். அதனால் அவர்கள் மேட்ச் பெரும்பாலும் முழு நேரமும் ஓடும்.

நான் வைத்திருப்பது இதை ஆடுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த 2.6 ஹாக் டெக், அதாவது டவரை நோக்கி ஓடும் ஹாக் ரைடரை நம்பிய எட்டு கார்டுத் தொகுப்பு. எட்டு கார்டின் சராசரி விலை 2.6 எலிக்சர். ஹாக் ரைடரைப் போட்டபின் வேறு நான்கு கார்டு போட்டால் அது மறுபடி கைக்கு வரும். ஸ்கெலிட்டன்ஸ் 1, ஐஸ் ஸ்பிரிட் 1, ஐஸ் கோலம் 2, லாக் 2, ஆக 6 எலிக்சர். அப்புறம் ஹாக்குக்கு 4. மொத்தம் 10 எலிக்சர், சாதாரண வேகத்தில் 28 விநாடி. சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அரை நிமிடத்துக்கு ஒரு ஹாக் அனுப்பலாம் என்று அர்த்தம். எதிராளியும் அடிப்பார், தடுக்க வேண்டும், அதனால் நடைமுறையில் இன்னும் தாமதமாகும். ஆனாலும் முதல் நிமிடத்திலிருந்தே டவரில் சேதம் சேர ஆரம்பித்துவிடும். டீ ஆறுவதற்குள் ஆட்டத்தின் போக்கு தெரிந்துவிடும்.

டைபிரேக்கரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே ஆடுகிறார்கள். ஒரு டவருக்கு 3,000 உயிர் என்று வைத்துக்கொள்வோம். நான் இடது டவரில் 900, வலது டவரில் 900 அடித்தேன். எதிராளி என் ஒரே டவரில் மட்டும் 1,200 அடித்தார். மொத்தச் சேதத்தில் நான் 1,800, அவர் 1,200. ஆனால் அவருடைய டவர்கள் இரண்டும் 2,100-ல் நிற்கின்றன, என்னுடையது ஒன்று 1,800-ல் நிற்கிறது. ஐந்து நிமிடம் முடிந்தால் நான்தான் தோற்பேன். அதே ஹாக்குகளை ஒரே பக்கம் அனுப்பியிருந்தால் அவர் டவர் 1,200-க்கு வந்திருக்கும். அதனால் முதல் ஹாக் எந்தப் பக்கம் நன்றாக அடித்ததோ அந்தப் பக்கத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓவர்டைமின் கடைசி அரை நிமிடத்தில் நம் டவர்களிலும் எதிராளியின் டவர்களிலும் உள்ள குறைந்த எண்ணைப் பாருங்கள். நாம் முன்னால் இருந்தால் ஹாக்கை மறந்து தடுப்பதில் மட்டும் எலிக்சரைச் செலவிடலாம். கொஞ்சம் பின்தங்கியிருந்தால் ஃபயர்பால் ஸ்பெல்லை டவர் மேலேயே போடலாம். டவர் மேல் ஸ்பெல்களின் சேதம் குறைவுதான், ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கார்டுகளுக்கு லெவல் உண்டு. ஒரு லெவல் கூடினால் உயிரும் அடியும் சுமார் 10% கூடும். ஒன்று, இரண்டு லெவல் வித்தியாசத்தைத் திறமையால் சமாளிக்கலாம், அதற்கு மேல் கஷ்டம். தினமும் இரண்டு மூன்று மேட்ச் ஆடுபவர் இரண்டு மூன்று டெக்கைச் சேர்த்து வளர்க்க ஆசைப்படக் கூடாது. ஒரே டெக்கின் எட்டு கார்டை மட்டும் ஏற்றுங்கள். காசு செலவழிக்காமல் இப்படித்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

இந்த லெவல் தொல்லையே வேண்டாம் என்றால் செஸ் இருக்கிறது. ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊரில் இதைத் தனியாகச் சிபாரிசு செய்யத் தேவையில்லை, நேரக் கட்டுப்பாட்டை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். 10+0 என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம், ஆட்டம் இருபது நிமிடம்வரை போகும். 3+2 கச்சிதமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடுகிறது. 60 நகர்த்தல் போனால் ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் பத்து. 3+0 ஆறு நிமிடத்தைத் தாண்டவே தாண்டாது, என் தேர்வு அதுதான். செஸ் ஆடும் ஆப்பான லிசெஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது.

நெட்வொர்க் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: நம் சிக்னல் போனாலும் ஆட்டம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். மெட்ரோவில் வரும்போது சைதாப்பேட்டை வரை சுரங்கம், சின்னமலையில்தான் ரயில் மேலே வரும். நான் மேலே வந்த பிறகுதான் மேட்ச் தொடங்குவேன். கார்டைப் போட்டதும் அது களத்தில் இறங்கச் சற்றுத் திணறினால் லேக் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது துல்லியமான நேரம் பார்த்துப் போட வேண்டிய கார்டுகளை விட்டுவிட்டு, என் டெக்கின் தடுப்புக் கட்டடமான கேனானை முன்கூட்டியே வைத்துவிடுவது பாதுகாப்பு. எலிக்சர் 10-க்கு மேல் சேராது, அதனால் இணைப்பு திரும்பியதும் முதல் வேலையாக ஏதாவது ஒரு மலிவான கார்டைப் போட்டுவிடுங்கள். மேட்சுக்கு முன்னால் போனில் டூ நாட் டிஸ்டர்பையும் போட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் வெயிலில் நின்று ஆடினால் போன் சூடாகி ஸ்கிரீன் தானே மங்கிவிடும், எதிராளி போட்ட சின்ன கார்டுகள் கண்ணில் படாது. எங்கள் கடைப் பின்புறப் படிக்கட்டில் நிழல் இருக்கிறது, சிக்னலும் மூன்று கோடு வருகிறது. ஆடுவதெல்லாம் அங்கேதான்.