மேல் வீட்டு டிரில்லுக்கு ஒரு சிரிப்புக் கடிதம்: மூன்று வரைவுகளில் எது வேலை செய்யும்?

ஒரு சென்னை அடுக்ககம். 204-ல் இருப்பவருக்குக் காலை 6.20க்கு மேலே டிரில் ஓடத் தொடங்குகிறது, ஞாயிறும் சேர்த்து. இரவு 11 மணிவரை பாட்டு. மேல் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார். அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கோபம் தெரியக் கூடாது, ஆனால் சத்தம் குறைய வேண்டும். இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகையில்தான் வருகின்றன.

முதல் வகை வஞ்சப்புகழ்ச்சி. “தங்கள் இசை ரசனைக்குத் தலை வணங்குகிறோம். காலையில் தாங்கள் வாசிக்கும் டிரில் கச்சேரிக்கு டிக்கெட் கேட்காத பெருந்தன்மைக்கு நன்றி.” எழுதும்போது இனிக்கும், நண்பர்களுக்குக் காட்டினால் கைதட்டுவார்கள். வாங்குபவருக்கோ முதல் வரியிலேயே குத்து புரிந்துவிடும். தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் அவனைக் குத்திய ஔவையார் தூதாகப் போனவர், பேசிவிட்டுத் திரும்பிவிட்டார். நாமோ மறுநாள் காலையிலும் அதே லிஃப்டில் ஏற வேண்டும். இந்த வரைவில் இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. என்ன செய்யச் சொல்கிறோம் என்பதே அதில் இல்லை. படித்தவருக்கு வருத்தம் மிஞ்சும், டிரில்லின் நேரம் மாறாது.

இரண்டாவது வகை சட்டப் பகடி. “ஒலி மாசு விதிகள் 2000-இன்படி தங்கள் டிரில்லைக் கைது செய்ய வாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது” என்று தொடங்கும். கண்ணியமாகத் தோன்றினாலும் நம் வழக்கில் இது சறுக்கும். அந்த விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரைதான். குடியிருப்புப் பகுதியில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளுக்குத் தடை இருப்பதும் அந்த நேரத்துக்குத்தான். 6.20க்கு ஓடும் டிரில் அந்தத் தடைக்குள் வராது. அவர் விதியைத் தேடிப் படித்துவிட்டால் நம் கடிதத்தில் மிச்சம் எதுவும் நிற்காது. இரவுப் பாட்டுக்கு விதி நம் பக்கம் இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். ஆனால் அதைப் போன் செயலியில் அளந்து காட்டப் போனால் சிக்கல், சுவர் வழியாக வரும் தாழ்ந்த ‘டும் டும்’ ஒலியைப் போன் மைக் சரியாகப் பிடிப்பதில்லை. சட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது வகை வீட்டுச் செய்தி. அவரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்தச் சத்தம் நம் வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்வோம். சிரிப்பும் அங்கேயே பிறக்கும், அதில் தகவலும் இருக்கும். பாட்டின் வரிகள் கேட்பதில்லை, அடி மட்டும் கேட்கிறது என்று எழுதினால் அது வெறும் நகைச்சுவை இல்லை. உயர்ந்த ஒலியைக் கான்கிரீட் தடுத்துவிடுகிறது, பேஸ் மட்டும் தளம் வழியாக இறங்கி வருகிறது. தரையில் வைத்த சப்வூஃபர்தான் காரணம் என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடும். மேல் வீட்டுக்காரர் தன் வீட்டில் ‘சத்தம் குறைவாகத்தானே வைக்கிறேன்’ என்று நினைப்பதும் இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு வருவது வேறு, நம் கட்டிலுக்கு வருவது வேறு.

ஆகவே மூன்றாவதுதான். எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. டிரில் ஓடும்போது படியேறி ஒவ்வொரு கதவின் முன்னும் அரை நிமிடம் நின்று கேளுங்கள். கான்கிரீட் தூணில் துளை போட்டால் சத்தம் இரண்டு மாடி தாண்டியும் தலைக்கு மேலேயே கேட்பதுபோல் இருக்கும். எவ்வளவு பணிவான கடிதமானாலும் தவறான வீட்டுக்குப் போனால் பகைதான். பிறகு மூன்று நாளைக்கு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

204-க்காரர் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

“வணக்கம் சார், மேடம்.

கீழே 204-லிருந்து எழுதுகிறோம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைப்பதில்லை. 6.20 ஆனால் டிரில் எழுப்பிவிடுகிறது. அம்மா தினமும் முருகன் படத்தை நேராக்குகிறார், மறுநாள் காலை அவர் மறுபடி இடப்பக்கம் சாய்ந்து என்ன நடக்கிறது என்று பார்க்கிறார். இரவில் உங்கள் பாட்டில் ‘டும் டும்’ மட்டும் இறங்கி வருகிறது, வரிகள் வருவதில்லை. அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பதற்குள் 11 மணி ஆகிவிடுகிறது.

இரண்டே உதவி கேட்கிறோம். துளை போடும் வேலையைக் காலை 10 மணிக்குமேல் வைத்துக்கொள்ள முடியுமா? வேலை எந்தத் தேதியில் முடியும் என்று சொன்னால் அதுவரை சமாளித்துக்கொள்வோம். இரவு 10க்குமேல் பேஸை மட்டும் குறைத்தால் போதும், பாட்டை நிறுத்த வேண்டாம்.

சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் நீங்கள் பாட்டுப் போடுங்கள், நாங்கள் கீழேயிருந்து ‘கேட்கிறது’, ‘கேட்கவில்லை’ என்று போனில் சொல்கிறோம். வால்யூமை எந்த எண்ணில் வைத்தால் கீழே வராது என்று தெரிந்துவிடும்.

அன்புடன், 204.”

சிரிப்பு முதல் பத்தியோடு நின்றுவிட்டது, கவனித்திருப்பீர்கள். வேண்டுகோளில் வேடிக்கை கலந்தால் ‘சும்மா சொல்கிறார்கள்’ என்று விட்டுவிடுவார்கள். டிரில்லுக்கும் பாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. டிரில் என்றாவது முடியும் வேலை, அதற்கு நேரமும் முடிவுத் தேதியும் வேண்டும். பாட்டு முடியாது, அதற்கு நிரந்தரமான ஓர் அளவு வேண்டும். அந்தச் சனிக்கிழமைச் சோதனையில் எண் 14 என்று தெரிந்தால், அடுத்த முறை “14ஐத் தாண்டிவிட்டது போல சார்” என்று ஒரு வரி அனுப்பினால் போதும், தகராறுக்கு இடமில்லை. சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் அதிர்வு தளத்துக்குள் இறங்குவது ஓரளவு குறையும். இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், சோதனையின்போது நேரில் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் பாடம் நடத்துவதுபோல் இருக்கும்.

எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அங்கே 80 வீட்டார் பார்க்க, சிரிப்பு ஸ்மைலிகளாகப் பெருகி அவர் தலையில் விழும், அவரும் பதிலுக்கு நம் வீட்டு மிக்சியை இழுப்பார். தாளில் எழுதி, மாலையில் கையில் கொடுங்கள். டிரில் ஓடும்போதே போய் நின்றால் முகத்தில் கோபம் இருக்கும், கடிதத்தின் பணிவு எடுபடாது.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து நேரில் ஒருமுறை கேளுங்கள். 6.20ஐத் தேர்ந்தெடுப்பது அவரா, கார்பெண்டரா என்பதையும் அப்போது விசாரியுங்கள். அடுத்த வேலைக்குப் போகும் முன் இங்கே முடித்துவிட்டுப் போகும் கார்பெண்டராக இருந்தால் அவர் நேரத்தை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கும் அசையாவிட்டால் சங்கச் செயலாளரிடம் தேதி, நேரம் குறித்த தாளோடு போகலாம். பல சங்கங்களின் விதிகளில் உள்வேலைக்கென்று தனி நேரம் இருக்கும், 6.20க்கு எதிராகக் கைகொடுப்பது அதுதான். அந்த மனுவில் முருகன் படம் வர வேண்டாம்.